'நோட்ஸ்' என்று மட்டும் சொல்லி வந்த போர்டு போட்டோ: அதிலிருந்து வேலைப் பட்டியலை எப்படி எடுப்பது?

கேள்வி: மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் ஒயிட்போர்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே ஒரே ஒரு வார்த்தை: 'நோட்ஸ்'. போர்டு முழுக்கக் கிறுக்கலும் அம்புக்குறியும்தான். நான் அந்த மீட்டிங்கில் இல்லை. யார், எதை, எப்போது செய்யணும் என்று இதிலிருந்து எப்படி எடுப்பது?

பதில்:

அந்த ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கலாம். போர்டில் இருப்பதை அப்படியே டைப் செய்து கொடுங்கள் என்பது ஒன்று. என்ன பேசப்பட்டது என்று ஒழுங்கான குறிப்பு எழுதுங்கள் என்பது இன்னொன்று. வேலைகளை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுங்கள் என்பது மூன்றாவது. அனுப்பியவர் எதை நினைத்தார் என்று கேட்டால் பல சமயம் அவருக்கே அது தெளிவாக இருக்காது. போர்டை யாராவது துடைப்பதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது அவருக்கு இருந்த கவலை. அதனால் நான் அதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதில்லை. மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பதிலாக அனுப்பிவிடுகிறேன்: மேலே வேலைகள், அதற்குக் கீழே அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், கடைசியில் போர்டில் இருந்ததன் நேர்ப்பிரதி. அவருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வார்.

போர்டில் எழுதுவது அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. யார் செய்வது, எப்போது முடிப்பது என்பதையெல்லாம் வாயால் பேசி முடித்திருப்பார்கள். போர்டில் ஏறியது ஒரு பெயரும் ஒரு அம்பும் மட்டும். மீதி உங்களிடம் வரவே இல்லை. வராததை எங்கே ஊகிக்கலாம், எங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று பிரிப்பதுதான் இதில் உள்ள முழு வேலையும்.

படிக்கத் தொடங்கும் முன் போட்டோவையே ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். போர்டின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஓர் அம்பு போட்டோவின் விளிம்பில் போய் அறுந்து நின்றால், அது எதைக் காட்டியதோ அது உங்களிடம் இல்லை. விளக்கு பட்டு ஓர் இடம் வெள்ளையாக எரிந்திருந்தாலும் அப்படித்தான். 'போர்டு இன்னும் அழிக்காமல் இருக்கிறதா? வலது ஓரம் மட்டும் இன்னொரு போட்டோ வேண்டும்' என்று உடனே கேளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் போர்டு சுத்தமாக இருக்கும். ஸ்கேனர் ஆப்பில் போட்டு எழுத்தைப் பளிச்சென்று ஆக்கலாம், ஆனால் பக்கத்திலேயே ஒரிஜினலையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மை தீர்ந்த மார்க்கரில் மங்கலாக எழுதியதை அந்த ஆப்கள் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவது உண்டு.

அப்புறம், போட்டோ எடுத்த தேதி. போர்டில் 'வெள்ளி', 'அடுத்த வாரம்' என்றுதான் எழுதுவார்கள்; அதற்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். போனில் போட்டோவின் விவரப் பக்கத்தில் எடுத்த தேதி இருக்கும். ஆனால் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக வந்தால் அந்த விவரம் நீங்கிவிடும். ஆண்ட்ராய்டில் `IMG-20250612-WA0004.jpg` என்பது போல ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கும். அது படம் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதிதான். மீட்டிங் முந்தின நாள் நடந்திருந்தால் ஒரு நாள் தவறிவிடும். எனவே மீட்டிங் நடந்த நாளை காலண்டர் அழைப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அழைப்பில் யார் யாரை மீட்டிங்குக்கு அழைத்தார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். போர்டில் உள்ள ஒற்றை எழுத்துப் பெயர்களுக்கு அதுதான் சாவி.

இனி எனக்கு வந்த ஒரு போர்டையே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். வாடிக்கையாளர் புகார்களை ஈமெயிலில் வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரு ஆன்லைன் ஃபார்முக்கு மாறுவது பற்றிய மீட்டிங். நாள் வியாழன், 12-ஆம் தேதி. முதலில் போர்டில் இருந்ததை எண் போட்டு அப்படியே எழுதிக்கொண்டேன். இந்தக் கட்டத்தில் எதற்கும் அர்த்தம் சொல்லக் கூடாது. அம்பு இருந்தால் 'அம்பு' என்று மட்டும், வாசிக்க முடியாவிட்டால் 'வாசிக்க முடியவில்லை' என்று மட்டும்.

1. மேலே பெரிதாக, கட்டம் கட்டி: புகார் மெயில் → ஃபார்ம்
2. நடுவில் மூன்று கட்டங்கள்: ஃபார்ம் → ஷீட் → டீம்
3. ஃபார்ம் கட்டத்துக்குப் பக்கத்தில்: 15/20
4. சிவப்பில், வட்டம் போட்டு: லீகல் கேட்கணும். அதிலிருந்து ஒரு வளைந்த அம்பு ஃபார்ம் கட்டத்துக்கு
5. ஆட்டோ ரிப்ளை (அடிக்கப்பட்டிருக்கிறது)
6. ர – டெஸ்ட் – வெள்ளி
7. கவிதாவிடம் லிஸ்ட்
8. கீழே ஓரத்தில், சிறிய எழுத்தில்: மெயில் மூட 30
9. வலது கீழ் மூலையில் தனிக் கட்டம்: பட்ஜெட் – மாலா – 10

ஒன்பதே வரிகள். அவசரத்தில் இதை ஒன்பது வேலைகளாக மாற்றிவிடத் தோன்றும். உண்மையில் இதில் வேலை என்று உறுதியாகச் சொல்லத் தக்கது ஒன்றுதான், ஆறாவது வரி. அதிலும் ஆள் யார் என்று தெரியவில்லை. மற்றவற்றில் சில முடிவுகள், சில விளக்கப் படங்கள், ஒன்று இந்த மீட்டிங்கைச் சேர்ந்ததே இல்லை.

அந்தக் கடைசி விஷயத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஒன்பதாவது வரி நீல மார்க்கரில், வேறு கையெழுத்தில், பாதி மங்கிய நிலையில் இருந்தது. மற்ற எழுத்துகள் எல்லாம் அந்தக் கட்டத்தை ஒட்டாமல் விலகி வளைந்து போயின. அதாவது, இவர்கள் எழுதத் தொடங்கும்போதே அது அங்கே இருந்திருக்கிறது. மாலா என்பவர் காலண்டர் அழைப்பில் இல்லை. 10-ஆம் தேதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. இப்படி மூன்று தடயம் ஒரே பக்கம் காட்டினால், பழைய மீட்டிங்கின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். 'இது முந்தைய மீட்டிங்கினுடையது என்று நினைத்து விட்டிருக்கிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

எது முதலில் எழுதப்பட்டது, எது பிறகு வந்தது என்று கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் போர்டு முழுவதற்கும் உதவும். போர்டு என்பது ஒரு மணி நேரப் பேச்சு ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்த இடம். இடம் தாராளமாக இருந்தபோது எழுதியது பெரிதாகவும் நேராகவும் இருக்கும். பின்னால் வந்தது இடுக்கில் நெருக்கி, வளைந்து, சாய்ந்து இருக்கும். ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறிப் போனால் ஏறியதுதான் பிந்தியது. இரண்டு வரிகள் முரண்பட்டால் பிந்தியதை நம்புங்கள். நான் பார்த்த வரையில் உண்மையான வேலைகள் பெரும்பாலும் ஓரங்களில்தான் இருக்கின்றன. நடுவில் இருக்கும் பெரிய அழகான படம் பிரச்சினையை விளக்க வரைந்தது. 'சரி, யார் பண்றது?' என்ற பேச்சு கடைசிப் பத்து நிமிஷத்தில் வரும், அப்போது மீதி இருப்பது ஓரம் மட்டும்தான். நிறத்துக்கு மட்டும் அதிக அர்த்தம் கொடுக்க வேண்டாம். சிவப்பு என்றால் அவசரம் என்று தோன்றும்; கறுப்பு மார்க்கர் காய்ந்துபோனதால் கையில் கிடைத்ததை எடுத்திருக்கவும் கூடும். ஆனால் நிறம் மாறிய இடம் நேரம் மாறிய இடம் அல்லது ஆள் மாறிய இடம். அந்த அளவுக்கு மட்டும் நம்பலாம்.

இப்போது அம்புகள். மேலே உள்ள பட்டியலில் நான்கு அம்புகள் இருக்கின்றன, அவை மூன்று வகை.

முதல் வரியில் உள்ள அம்பு 'இதிலிருந்து அதற்கு மாறுகிறோம்' என்கிறது. அது முடிவு. இரண்டாவது வரியில் உள்ள இரண்டு அம்புகளும் தகவல் போகும் வழியைக் காட்டுகின்றன: ஃபார்மில் நிரப்பியது ஷீட்டுக்குப் போகும், அங்கிருந்து டீம் எடுத்துப் பார்க்கும். அது படம். அதை 'ஃபார்மை ஷீட்டோடு இணைக்க வேண்டும்' என்று வேலையாக எழுதிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இணைப்பு ஏற்கெனவே இருக்கலாம், அல்லது ஃபார்ம் கருவியே அதைத் தானாகச் செய்யலாம். அதே சமயம், யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டியதாகவும் இருக்கலாம். படத்துக்குள் மறைந்திருக்கும் இந்த மாதிரி வேலையை வேலைப் பட்டியலில் சேர்க்காமல், 'இணைப்பு தயாரா, அல்லது யாராவது செய்யணுமா?' என்று கேள்வியாகப் போடுவேன்.

நான்காவது வரியின் வளைந்த அம்புதான் இதில் கஷ்டமானது. லீகலிலிருந்து ஃபார்முக்கு. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். லீகல் சரி என்று சொல்லும் வரை ஃபார்மை வெளியிடக் கூடாது என்பது ஒன்று. லீகல் எழுதித் தரும் ஒரு வாசகத்தை, தகவலைப் பயன்படுத்த அனுமதி கேட்கும் வரி போன்ற ஒன்றை, ஃபார்முக்குள் சேர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது என்றால் டெஸ்ட் தேதியே அதைப் பொறுத்து நகரும். இரண்டாவது என்றால் வரி வரும் வரை மற்ற வேலைகள் நடக்கலாம். அம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். இப்படி இரண்டு வாசிப்பும் இரண்டு வேறு வேலைத் திட்டங்களுக்குக் கொண்டுபோனால், அங்கே ஊகமே கூடாது, கேட்டுவிட வேண்டும். எந்த விதமாகப் படித்தாலும் அதே வேலைதான் வரும் என்றால் கேட்டு அவர் நேரத்தை எடுக்க வேண்டாம். எந்தச் சந்தேகத்தைக் கேட்பது, எதை விட்டுவிடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

அடித்த கோடும் அம்பு மாதிரித்தான் ஏமாற்றும். 'ஆட்டோ ரிப்ளை' அடிக்கப்பட்டிருக்கிறது. வேண்டாம் என்று விட்டார்களா, ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அடித்தார்களா? போர்டிலேயே துப்பு தேடுங்கள். முடிந்த வேலையைக் குறிக்க வேறெங்காவது டிக் போட்டிருந்தால், அடித்தது 'வேண்டாம்' என்பதற்கு நெருக்கமாக இருக்கும். ஒரே கோடாக நிதானமாக அடித்தால் முடிந்தது, இரண்டு மூன்று முறை குறுக்கே இழுத்தால் கைவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். என் அனுபவத்தில் அதை நம்ப முடியவில்லை. இந்தப் போர்டில் டிக் எதுவும் இல்லை, எனவே கேள்விப் பக்கம் போய்விட்டது.

தமிழில் எழுதிய போர்டில் வேறு ஒரு சிக்கலும் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'லீகல் கேட்கணும்' என்ற வரியைப் பாருங்கள். யார் கேட்கணும் என்பது அதில் இல்லை. 'கேட்கணும்' என்பது நான், நீ, அவர் எல்லோருக்கும் ஒரே உருவம். நாங்கள் லீகலைக் கேட்க வேண்டுமா, லீகல்தான் நம்மிடம் ஏதோ கேட்க வேண்டியிருக்கிறதா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவசரத்தில் வேற்றுமை உருபை விட்டுவிட்டார்கள். இப்படி '-ணும்' என்று முடியும் ஒவ்வொரு வரியிலும் ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'கவிதாவிடம் லிஸ்ட்' இன்னும் நல்ல உதாரணம். உருபு இருக்கிறது, வினை இல்லை. கவிதாவிடம் லிஸ்ட் இருக்கிறது என்றால் அது வெறும் தகவல். கவிதாவிடம் லிஸ்டை வாங்க வேண்டும் என்றால் வேறு யாருக்கோ வேலை. கவிதாவிடம் லிஸ்டைக் கொடுக்க வேண்டும் என்றால் அதுவும் வேறு யாருக்கோ வேலை, ஆனால் லிஸ்ட் எதிர்த் திசையில் போகிறது. மூன்றிலும் கவிதா செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பெயர் கண்ணில் பட்டதும் 'கவிதா: லிஸ்ட் தயாரிக்க வேண்டும்' என்று எழுதிவிடக் கை போகும். பெயருக்குப் பின்னால் '-இடம்', '-கிட்ட', '-க்கு' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த ஆள் பெரும்பாலும் வேலையின் மறுமுனையில் இருப்பவர். ஒட்டு எதுவும் இல்லாமல் பெயர் மட்டும், பக்கத்தில் ஒரு கோடும் வேலையும் இருந்தால், அவரே செய்பவராக இருக்க அதிக வாய்ப்பு. 'பார்க்க' என்ற சொல்லும் இப்படித்தான்: கீழே உள்ளதைப் பார்க்க என்ற குறிப்பாகவும் இருக்கலாம், யாரோ ஒருவர் ஆராய்ந்து பார்க்க வேண்டிய வேலையாகவும் இருக்கலாம்.

பெயர் விஷயத்தில் நான் ஒரு முறை செய்த தவறு இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு வேலையின் பக்கத்தில் ஒருவரின் முதல் எழுத்து இருந்தது. அவர் பொறுப்பு என்று எழுதி அனுப்பினேன். யாரும் மறுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வேலை தொடங்கவே இல்லை. அந்த யோசனையைச் சொன்னவர் அவர் என்பதற்காகத்தான் அந்த எழுத்தைப் போட்டிருந்தார்கள். செய்ய வேண்டியவர் வேறு ஒருவர். அவரோ பட்டியலில் தன் பெயர் இல்லாததால், வேலை கைமாறிவிட்டது என்று இருந்துவிட்டார். பெயரில்லாத வேலை இருந்தால் யாராவது 'இது யாருடையது?' என்று கேட்பார்கள். தவறான பெயர் போட்ட வேலையை யாரும் கேட்க மாட்டார்கள். அன்றிலிருந்து உறுதி இல்லாத இடத்தில் 'ஆள்: தெரியவில்லை' என்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

எண்களுக்கு வருவோம். 'ர – டெஸ்ட் – வெள்ளி' என்பதில் வெள்ளி எது? மீட்டிங் வியாழன் 12. நாளையே, 13, என்றால் ஃபார்ம் இப்போதே தயாராக இருந்தாக வேண்டும். லீகலிடம் இன்னும் கேட்கவே இல்லை என்று போர்டு சொல்கிறது. எனவே 20 தான் பொருத்தம். இது நல்ல ஊகம், ஆனாலும் ஊகம்தான். அப்படியே குறித்து அனுப்ப வேண்டும். 'ர' யார் என்பதற்கு அழைப்பில் ரவி, ரம்யா இருவரும் இருந்தார்கள். இங்கே ஊகிக்க வழியே இல்லை.

'15/20' தேதியாக இருக்க முடியாது, 20-ஆவது மாதம் என்று ஒன்று இல்லை. 15 அல்லது 20-ஆம் தேதி என்று இரண்டு நாளாகப் பார்த்தால் 15 ஞாயிறு, கெடு வைக்கப் பொருத்தமில்லை. ஃபார்ம் கட்டத்தை ஒட்டி இருப்பதால் ஃபார்மைப் பற்றிய ஏதோ எண்ணிக்கை, இருபதில் பதினைந்து என்று இருக்கலாம். 'மெயில் மூட 30' என்பதில் 30-ஆம் தேதியா, 30 நாளா? 30 திங்கள்கிழமை, மாதக் கடைசி. தேதி என்று நம்புவதற்கு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் இது திரும்பப் பெற முடியாத வேலை. மெயிலை மூடிவிட்டால் அதன் பிறகு வருகிற புகார்கள் எங்கே போகும் என்று தெரியாது. அதனால் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் கேட்டுவிட முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் சேர்த்து நான் அனுப்பிய பதில் இது. அன்றே, மூன்று மணி நேரத்துக்குள் அனுப்பினேன். அடுத்த நாள் என்றால் பேசியவர்களுக்கே அம்பு எதற்குப் போட்டோம் என்பது மறந்திருக்கும்.

"சார், போர்டிலிருந்து எடுத்தது.

முடிவு: புகார்களை மெயிலுக்குப் பதில் ஃபார்மில் வாங்குவது.

வேலைகள்:
ஃபார்மை டெஸ்ட் செய்வது. ஆள்: ரவியா ரம்யாவா? தேதி: 20 வெள்ளி (என் ஊகம், 13 என்றால் சொல்லுங்கள்).
லீகலிடம் கேட்பது. ஆள்: தெரியவில்லை. தேதி: போர்டில் இல்லை.

இவற்றுக்கு மட்டும் பதில் வேண்டும்:
அ. லீகல் சரி சொல்லும் வரை ஃபார்மை வெளியிடக் கூடாதா, அல்லது அவர்கள் தரும் வாசகத்தைச் சேர்த்தால் போதுமா?
ஆ. மெயிலை மூடுவது 30-ஆம் தேதியா, 30 நாள் கழித்தா?
இ. கவிதாவிடம் லிஸ்டை வாங்க வேண்டுமா, கொடுக்க வேண்டுமா? யார்?
ஈ. ஆட்டோ ரிப்ளை வேண்டாமா, முடிந்ததா?
உ. ஃபார்ம் – ஷீட் இணைப்பு தயாரா, யாராவது செய்யணுமா?

15/20 என்பது ஃபார்மில் உள்ள ஏதோ எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டேன். மூலையில் உள்ள பட்ஜெட் கட்டம் பழைய மீட்டிங்கினுடையது என்று விட்டிருக்கிறேன். போர்டில் இருந்தது முழுவதும் கீழே எண் போட்டு இருக்கிறது."

இதில் கவனிக்க வேண்டியது, கேள்விகள் எல்லாம் 'இதுவா, அதுவா' என்ற உருவில் இருப்பது. 'லீகல் பற்றிய குறிப்பை விளக்க முடியுமா?' என்று கேட்டால் அவர் உட்கார்ந்து ஒரு பத்தி எழுத வேண்டும். அதனால் தள்ளிப் போடுவார். இப்படிக் கேட்டால் நடந்துகொண்டே 'அ – முதலாவது, ஆ – 30 நாள்' என்று அடித்துவிடலாம். எண்ணிக்கையையும் ஐந்துக்கு மேல் விடுவதில்லை. அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்பதை விட்டுவிட்டு, போட்டோவை முன்னால் வைத்து ஐந்து நிமிஷம் போனில் பேசுவதுதான் நல்லது.

பதில் அன்று மாலையே வந்தது. 'ர' ரம்யா, 20 சரி. லீகலின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது, கேட்பது மேனேஜரே. லிஸ்ட் கவிதாவிடம் இருக்கிறது, அடிக்கடி புகார் அனுப்புகிறவர்களின் பட்டியல். அதை வாங்கி அவர்களுக்கு முதலில் தகவல் சொல்வது ரவி. ஆட்டோ ரிப்ளை இப்போதைக்கு வேண்டாம். இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 15/20 பற்றி அவராகவே எழுதியிருந்தார்: ஃபார்மில் இருந்த 20 கேள்விகளில் 15 போதும் என்று முடிவாம். அப்படியானால் ஐந்தை நீக்கும் வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஆளே போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. அது ரம்யாவிடம் போனது, டெஸ்டுக்கு முன்பே முடிக்கும்படி.

'மெயில் மூட 30' என்பது ஃபார்ம் வெளியான பிறகு 30 நாள். லீகலின் பதில் எப்போது வரும் என்று தெரியாததால் வெளியீட்டுக்கே தேதி இல்லை, எனவே மூடுவதற்கும் தேதி போட முடியாது. பட்டியலில் அதை 'ஃபார்ம் வெளியான நாள் + 30 நாள்' என்று எழுதினேன். நான் 30-ஆம் தேதி என்று போட்டிருந்தால், லீகல் தாமதித்திருக்கும் பட்சத்தில் ஃபார்மும் இல்லாமல் மெயிலும் இல்லாமல் ஆகியிருக்கும்.

பதில்கள் வந்ததும் பட்டியலைத் திருத்தி, இந்த முறை ரம்யா, ரவி, மேனேஜர் மூவருக்கும் சேர்த்து அனுப்பினேன். ஒவ்வொருவரும் தன் வரிக்கு 'சரி' என்று ஒரு சொல் போடும்படி கேட்டேன். ரவியிடமிருந்து பதில் வரவில்லை. அவரை அழைத்துக் கேட்டபோது, கவிதா அடுத்த வாரம் விடுப்பில் போகிறார், லிஸ்டை நாளைக்கே வாங்கிவிட வேண்டும் என்றார். அவர் வரிக்கு எதிரே 13-ஆம் தேதி ஏறியது அப்படித்தான்.